இரவல் நாவலின் ஓரத்தில் எழுதியிருப்பது: ஒரு சிறுகதையைக் கட்டுவது பற்றி

நூலகத்தில் இரவல் வாங்கிய நாவலில் யாரோ எழுதிய ஓரக்குறிப்புகளை ஒருவர் படிக்கிறார். சிறுகதைப் பட்டறைகளிலும் போட்டிகளிலும் அடிக்கடி தலைகாட்டும் கரு இது. பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கவிழும். ஓரக்குறிப்பு கடிதமாகிவிடும். "இதைப் படிக்கும் முகம் தெரியாத நண்பரே" என்ற தொனி வந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. நூலகப் புத்தகத்தில் கிறுக்குகிறவர் யாருக்கும் எழுதுவதில்லை. நாவலோடு சண்டை போடுகிறார், தலையாட்டுகிறார், எரிச்சலில் கோடு போடுகிறார். இன்னொருவர் படிக்கப்போகிறார் என்ற நினைப்பு அவருக்கு இருக்கக்கூடாது. அந்த நினைப்பு கதாசிரியருக்கு மட்டும் இருந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. என் கணக்கில் இந்தக் கதையை ஓட்டுகிற எஞ்சினே அதுதான். ஓரக்குறிப்புகள் பக்க வரிசையில் இருக்கின்றன, எழுதிய வரிசையில் அல்ல. ஒரே ஆள் ஒரு நாவலை இருபது வருட இடைவெளியில் இரண்டு முறை படித்துக் குறித்திருந்தால், கடைசியாக எழுதிய குறிப்பு 41-ஆம் பக்கத்திலும் முதலில் எழுதியது 203-ஆம் பக்கத்திலும் இருக்கலாம். பக்கம் பக்கமாகப் படித்துப் போகிறவள் அந்த ஆளின் வாழ்க்கையைக் குலைந்த வரிசையில் சந்திக்கிறாள். அதை அடுக்கிப் பார்க்கும் வேலைதான் கதை. இதைத் தவறவிட்டால் மிஞ்சுவது ஒரு டைரியைக் கண்டெடுத்த கதை. அதற்கு நாவலும் வேண்டாம், நூலகமும் வேண்டாம்.

முதலில் ஓரத்தை அளந்துகொள்ள வேண்டும். பழைய தமிழ் நாவல்கள் பல கிரவுன் அளவில் வந்தவை. பக்கம் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம், 18 உயரம். வெளிப்பக்க ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் தாராளம். கையால் எழுதும் தமிழ் எழுத்து ஒன்றுக்கு நான்கு மில்லிமீட்டராவது வேண்டும். வரிக்கு மூன்று, நான்கு எழுத்துதான் நிற்கும். 'காவலாளியிடம்' என்று எழுதவே இரண்டு, மூன்று வரி போய்விடும். அதனால் பக்கவாட்டில் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. வாக்கியம் வேண்டும் என்றால் பக்கத்தின் அடியில் எழுதுவார்கள். அங்கே நெருக்கி எழுதினால் இரண்டு, மூன்று வரிகளில் பத்துப் பன்னிரண்டு சொல் அடங்கும். அதற்கும் மேல் போனால் அத்தியாயம் முடிந்து மீதி வெள்ளையாக இருக்கும் பக்கத்தைத் தேடுவார்கள். எண்பது சொல்லில் ஒரு 'ஓரக்குறிப்பு' வந்தால், கதாசிரியர் புத்தகத்தைக் கையில் எடுத்தே பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

குறிப்பைச் சுருக்கச் சொல்வது அழகுக்காக அல்ல, இடம் இல்லாததால். அந்த நெருக்கடியே நடையைத் தரும். எழுவாய் விழும், வினை தனியாக நிற்கும், 'பொய்' என்ற ஒரு சொல் ஒரு பத்திக்குச் சமமாகும்.

இனி ஒரு கதையை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரின் கிளை நூலகம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண். காலையில் வந்தால் பொது அறிவு, மாதிரி வினாத்தாள், மறுபடி பொது அறிவு. இந்த ஊர் நூலகங்களில் வாசிப்பு மேசையை நிரப்புகிறவர்கள் இவளைப் போன்றவர்கள்தான், ஆகவே அவள் அங்கே இருப்பதற்குக் காரணம் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. சாயங்காலம் அவள் அப்பா டிவிஎஸ் 50-இல் வந்து வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார், கூப்பிடவும் மாட்டார். இந்தத் தகவலைக் கதையின் முதல் பக்கத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் திட்டமிட்டது போல் ஆகிவிடும்.

அவள் எடுத்துப் போகும் நாவல் 1974-இல் அச்சானது, 312 பக்கம். பெயரோ எழுதியவர் பெயரோ வேண்டாம். அட்டை போய், பைண்ட் செய்த புத்தகம் என்றால் இரண்டையும் சொல்லாமலே விடலாம். உள்ளே இருக்கும் நாவலுக்குச் சிறுகதையில் மூன்று வாக்கியத்துக்கு மேல் இடம் கொடுக்கக்கூடாது. கிராமத்துப் பெண் சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போகிறாள். அவள் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடக்கிறது. கடைசியில் ஊர் திரும்ப மறுக்கிறாள். அவ்வளவுதான்.

ஓரத்தில் எழுதியவளும் அப்படி, வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ஒரு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். இதைக் கதை எங்கேயும் சொல்லாது. அவள் நாவலோடு போடும் சண்டையிலிருந்து தெரிய வேண்டும். ஓரக்குறிப்பு எழுதும் ஆளுக்கு ஒரு தொழில் கொடுப்பது இந்தக் கருவில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் என்பேன். தன் தொழிலைப் பற்றி நாவலாசிரியர் தப்பாக எழுதும்போது யாருக்கும் கை பரபரக்கும். "எவ்வளவு உண்மை!" என்று எழுதும் ஆளைவிட "இப்படி நடக்காது" என்று எழுதும் ஆள் பத்து மடங்கு உயிருள்ளவள்.

குறிப்புகளைக் கதைக்கு முன்பே தனித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பக்க எண், அந்தப் பக்கத்தில் நாவல் சொல்வது, குறிப்பு, எதால் எழுதியது, எந்த வாசிப்பு என்று ஐந்து கட்டம். இரண்டாயிரம் சொல் சிறுகதைக்கு ஏழு குறிப்பு போதும். அதற்கு மேல் போனால் வாசகர் எண்ணத் தொடங்கிவிடுவார். நம் கதைக்கு ஐந்து பென்சில், இரண்டு பால்பாயின்ட். பென்சில் எல்லாம் முதல் வாசிப்பு, அவளுடைய இருபதுகளின் கடைசியில். பேனா இரண்டும் வெகுநாள் கழித்து.

பக்க வரிசையில் நம் பெண் முதலில் பார்ப்பது ஒரு பேனாக் குறிப்பை. 41-ஆம் பக்கம். நாவலில் அப்பா மகளை பஸ் ஏற்றிவிட வருகிறார், கைக்குட்டையில் முடிந்த பணத்தைக் கொடுக்கிறார், ஒன்றும் பேசாமல் நிற்கிறார். அடியில் நீல மையில்:

முன்னே இதைக் கவனிக்கவில்லை.

அவளுக்கு இது ஒன்றும் சொல்லாது. வாசகருக்கும் சொல்லாது. 'முன்னே' என்ற சொல் மட்டும் முள்ளாகக் கிடக்கட்டும். பிறகு பென்சில் தொடங்குகிறது. 57-இல் நாயகி வேலைக்குச் சேர்ந்த அன்றே யாரோ இருவர் அரைமணி நேரம் பேசுவதை ஒட்டுக்கேட்டுக் கண்கலங்குகிறாள்.

மூன்று நிமிஷம் ஆனதும் நாம் குறுக்கே பேசியாக வேண்டும்.

டிரங்க் கால் அந்நாளில் மூன்று நிமிடக் கணக்கில் போனது, நேரம் முடிந்ததை ஆபரேட்டர் இடையில் வந்து சொல்வார். எழுதியவள் யார் என்பதற்கு இந்தக் கதையில் இருக்கும் ஒரே நேரடித் தடயம் அந்த 'நாம்'தான். அதைத் தேர்வுக்குப் படிக்கும் பெண் கவனித்ததாகக் கூட எழுத வேண்டியதில்லை. அடுத்தது 118. குமாஸ்தாவான காதலன் வெளியூரிலிருந்து நாயகிக்கு லைட்னிங் கால் போட்டுக் கவிதை சொல்கிறான்.

லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. இவன் சம்பளத்துக்கா?

வரிசையில் காத்திராமல் சீக்கிரம் இணைப்பு வேண்டும் என்றால், சாதாரண டிரங்க் காலைப் போல அர்ஜென்ட் காலுக்கு இரண்டு மடங்கு, லைட்னிங் காலுக்கு எட்டு மடங்கு கட்டணம் இருந்தது. சரியான ஒரு கட்டண விகிதம் ஓர் ஆளை உட்கார வைத்துவிடுகிறது பாருங்கள். இங்கே நம் பெண் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பில்தான் எழுதியவளை அவளுக்குப் பிடித்துப்போகிறது. 140-இல் சொல் எதுவும் இல்லை, 'வீட்டுக்கு எழுதவே தோன்றவில்லை' என்ற வரியின் கீழ் கோடு மட்டும்.

கதையின் மையம் 203. நாவலில் அப்பா ஊரிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, மகளைப் பார்க்காமலே திரும்புகிறார். பக்கத்தின் அடியில் பென்சிலில்:

நடக்காத விஷயம். வாசலில் சொன்னால் உள்ளே ஆள் அனுப்புவார்கள். இப்படித் திரும்பியது யாருமில்லை.

அதற்கும் கீழே, மிச்சமிருந்த அரை சென்டிமீட்டரில், பேனாவில்:

காவலாளியிடம் பேராவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை எங்கும் சொல்லக்கூடாது. முதல் குறிப்பு நாவலாசிரியரைக் கண்டிக்கிறது. இரண்டாவது நாவலைப் பற்றியதே இல்லை, ஆனால் எழுதியவள் அதையும் நாவலைப் பற்றி எழுதுவது போலவே எழுதியிருக்கிறாள். நம் பெண் இங்கிருந்து 41-க்குத் திரும்பிப் போக வேண்டும், 'முன்னே' என்ற சொல்லைத் தேடிக்கொண்டு. இந்தத் திரும்புதல் இல்லாவிட்டால் இரண்டு வாசிப்பு என்ற ஏற்பாடே வீண். கடைசிப் பென்சில் குறிப்பு 290-இல் வரும் வெறும் 'ம்.' அதை ரசிக்கிறவர்கள் ரசிக்கட்டும்.

இரண்டும் ஒரே கை, ஆனால் வேறு வேறு காலம் என்று எப்படிக் காட்டுவது? தேதி போட்டால் சப்பென்று ஆகிவிடும். ஓரக்குறிப்புக்குத் தேதி போடுகிறவர்கள் உண்டுதான், ஆனால் இவள் அந்த ரகம் இல்லை. தமிழ்நாட்டுக் கதைக்குக் கிடைக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1978 அக்டோபரில் வந்த அரசாணையோடு ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் எழுதப் பழகியவர்களின் 'லை'யில் ஐகாரக் குறி தனியாக முன்னால் நிற்காது, எழுத்தின் தலையில் யானைத் தும்பிக்கை போல வளைந்து ஒட்டியிருக்கும். பென்சில் குறிப்பில் 'லைட்னிங்' பழைய லையில் இருக்கிறது. பேனாவில் 'கவனிக்கவில்லை' புதிய லையில் இருக்கிறது. அதாவது நடுவில் அவள் கை மாறியிருக்கிறது. பெரியவர்களின் கை தானாக மாறாது. வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வருடக்கணக்கு, குடும்பம் எல்லாம் ஓர் எழுத்தில் வந்துவிட்டது.

இதில் இரண்டு எச்சரிக்கை. பழைய வடிவத்தை இன்றைய யூனிகோட் எழுத்துருக்களில் சாதாரணமாகத் தட்டச்சு செய்ய முடியாது, எனவே அதைக் காட்டாமல் விவரித்தாக வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அடுத்து, 1978-க்குப் பிறகும் பலர் சாகும்வரை பழைய வடிவிலேயே எழுதினார்கள். பழைய லை இருந்தால் எழுதியவர் எப்போது எழுதப் பழகினார் என்றுதான் தெரியும், குறிப்பு எப்போது எழுதப்பட்டது என்று தெரியாது. இரண்டு வடிவமும் ஒரே கையில் இருப்பதால்தான் நம் கதையில் அது சாட்சியாகிறது.

பைண்டிங் இன்னொரு சாட்சி. நைந்த புத்தகத்தைத் திரும்பக் கட்டும்போது மூன்று பக்கமும் வெட்டிச் சமன்படுத்துவார்கள். மூன்று மில்லிமீட்டர் போனாலே ஓரத்தில் எழுதியதில் ஏறக்குறைய ஓர் எழுத்து போய்விடும். ஆக, பைண்டிங்குக்கு முன் எழுதியது வெட்டுப்பட்டிருக்கும், பின் எழுதியது முழுதாக இருக்கும். அடியில் எழுதியதற்கும் இதே ஆபத்து உண்டு. பக்கத் தையல் போட்டால் உள் ஓரம் தையலுக்குள் போய்விடும், அங்கே எழுதியதைப் படிக்கப் புத்தகத்தின் முதுகை முறிக்க வேண்டும். நல்ல சாட்சிதான். ஆனால் எழுத்து வடிவத்தையும் பைண்டிங்கையும் சேர்த்து வைத்தால் நம் பெண் துப்பறியும் நிபுணி ஆகிவிடுவாள். ஒன்று போதும், நான் லையைத்தான் எடுப்பேன். அதிலும் குறிப்பை முக்கியமான இடத்தில் வெட்டிவிட்டு 'மிச்சம் என்னவாக இருக்கும்' என்று ஏங்க வைப்பது மலிவான வித்தை.

யார் எழுதியது என்று அவள் தேடிப் போகலாமா? எல்லாக் கதைகளும் இங்கே கால்வைக்கும், பாதிக் கதைகள் வழுக்கி விழும். புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதித் தாளில் திருப்பித் தர வேண்டிய தேதிகள் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. பெயருக்கு வழி உண்டா என்பது அந்த நூலகம் எந்த முறையில் இரவல் கொடுத்தது என்பதைப் பொறுத்தது. பிரவுன் முறையில் உறுப்பினருக்குச் சின்னப் பை போன்ற சீட்டுகள் கொடுப்பார்கள். புத்தகத்துக்குள் வைத்திருக்கும் சிறு அட்டையை அந்தச் சீட்டுக்குள் செருகித் தேதி வாரியாகத் தட்டில் அடுக்குவார்கள். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்கு, சீட்டு உறுப்பினருக்கு. யார் எடுத்தார் என்ற தடயம் அந்த நொடியே அழிந்துவிடும். நியூவர்க் முறையில் அந்தச் சிறு அட்டையிலேயே தேதியும் உறுப்பினர் எண்ணும் ஏறும், அந்த அட்டை நிறையும் வரை பழைய வரலாறு புத்தகத்தோடே சுற்றும். கண்டுபிடிக்கிற கதை வேண்டுமானால் நூலகத்துக்கு நியூவர்க் முறையைக் கொடுங்கள். கண்டுபிடிக்க முடியாத கதை வேண்டுமானால் பிரவுன். நூலகர் பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, முப்பது வருடத்துக்கு முந்தைய பெயரைச் சொல்வதாக எழுதினால், நூலகத்தில் வேலை பார்த்த எவரும் சிரித்துவிடுவார்கள்.

நம் கதையில் அவள் தேடவில்லை. தேடினால் மூன்று முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கும்: எழுதியவளைச் சந்திக்கிறாள், எழுதியவள் இறந்துவிட்டாள், எழுதியவள் அவளுடைய அம்மாவோ அத்தையோ. மூன்றுமே வாசகர் பாதிக் கதையில் ஊகித்துவிடுவது. மூன்றாவது எனக்குச் சகிக்கவே சகிக்காது.

முடிவு நூலகத்தின் நடைமுறையிலிருந்தே வரட்டும். தவணை முடிந்து புத்தகத்தைத் திருப்பக் கொண்டு வருகிறாள். நூலகர் புரட்டிப் பார்க்கிறார். நூலகப் புத்தகத்தில் எழுதினால் எடுத்தவர்தான் பொறுப்பு.

"ஏம்மா, இதெல்லாம் நீ எழுதினதா?"

"இல்ல சார். எடுக்கும்போதே இருந்துச்சு."

அவர் பேனாக் குறிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். மட்டமான தாளில் பால்பாயின்ட் மையின் எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்து மறுபக்கம் மஞ்சளாகப் படர்ந்திருக்கும். புது எழுத்தில் அது இராது. பழையது என்று தெரிந்துகொள்கிறார். குற்றச்சாட்டு முடிந்தது. ஆனால் மேசையிலிருந்த ரப்பரை அவள் பக்கம் தள்ளுகிறார்.

"பேனாவ ஒண்ணும் பண்ண முடியாது. பென்சில மட்டும் அழிச்சுக் குடுத்துடும்மா."

இந்த ஒரு வேலையில் கதை முழுவதும் திரும்புகிறது. ரப்பர் எடுப்பது பென்சிலை மட்டும். தொழில் தெரிந்த, எகத்தாளம் பேசிய, கட்டணக் கணக்குச் சொன்ன அந்த இளம்பெண் போய்விடுவாள். நிற்கப்போவது பேனாவில் எழுதிய இரண்டு வரி. அடுத்து எடுக்கிறவருக்கு 203-இல் ஒரு துயரம் மட்டும் கிடைக்கும், அதற்கு முன் அவள் என்னவாக இருந்தாள் என்பது கிடைக்காது. நம் பெண்ணுக்கு இது புரிகிறது என்று எழுத வேண்டாம். அவள் என்ன செய்கிறாள் என்று எழுதினால் போதும். 57, 140, 203, 290 என்று அழித்துக்கொண்டே வருகிறாள். வாசலில் டிவிஎஸ் 50 வந்து நிற்கும் சத்தம். 118-ஐ அழிக்காமல் புத்தகத்தை மூடிக் கொடுக்கிறாள். வெளியே போய் அப்பாவிடம் "ரொம்ப நேரமாச்சாப்பா?" என்று கேட்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. அழுகை, கட்டிப்பிடித்தல், அப்பாவின் கண் ஓரத்தில் ஈரம் எல்லாம் பென்சிலோடு அழிய வேண்டியவை.

அழிப்பதையும் சரியாக எழுத வேண்டும். பழைய மரக்கூழ்த் தாளில் ரப்பர் போட்டால் தாளின் நார் எழும்பும், அந்த இடம் மட்டும் வெளுத்துச் சொரசொரக்கும். அழுத்தி எழுதியிருந்தால் கிராஃபைட் போனாலும் பள்ளம் போகாது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். இதைக் கடைசித் திருப்பமாக வைக்க ஆசை வரும், அடுத்த வாசகர் விளக்கில் கண்டுபிடிப்பதாக. வேண்டாம். 118 ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று கெடுக்கும்.

எழுதி முடித்த பிறகு அச்சுக்குப் போவதற்குள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். குறிப்புகளைச் சாய்வெழுத்தில் போடச் சொல்லாதீர்கள். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் எழுத்துரு அழுவது போலிருக்கும், பல இதழ்களின் வடிவமைப்பில் அது காணாமலும் போய்விடும். நான் மேலே செய்தது போல் தனி வரியாக, பக்க எண்ணை முன் வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போடுவதே நிற்கும். பென்சில், பேனா என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லால் சொல்லுங்கள். ஓரிடத்தில் 'நீல மை', இன்னோரிடத்தில் 'பேனா', மற்றோரிடத்தில் 'பால்பாயின்ட்' என்றால் மூன்றாவது ஆள் ஒருவர் எழுதியிருப்பதாக வாசகர் நினைப்பார்.

பக்க எண்களைக் கடைசியாக ஒருமுறை ஒரு நிஜப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம். 203-இன் எதிரே இருப்பது 202. 204 அதன் முதுகில் இருக்கிறது. பென்சில் கரி ஒட்டி நிழல் விழுவது 202-இல், பேனாவின் எண்ணெய் கசிந்து தெரிவது 204-இல். அவள் 203-ஐயும் 204-ஐயும் ஒரே பார்வையில் படித்ததாக ஒரு வாக்கியம் எங்காவது ஒளிந்திருந்தால், பைண்டிங் தெரிந்த வாசகர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.